ஓட்டுக்கு அடியில் என்ன விரிப்பது: தார் ஃபெல்ட்டா, சிந்தெடிக்கா?

போடியில் இருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்குள் மழையின் கணக்கே மாறிவிடும். கீழே வானம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே ஜூனில் தொடங்கினால் மாதக்கணக்கில் மழையும் மஞ்சும் காற்றும்தான். எனக்குத் தொழில் கூரை வேலை. ட்ரஸ் அடித்து ஓடு போடுவது, ப்ளைவுட் அடித்து, தார் ஏற்றிய தட்டை வில்லைகளான சிங்கிள்ஸ் போடுவது இரண்டும் செய்கிறேன். வீட்டுக்காரர்கள் நம் தேனி மாவட்டத்து ஆட்கள், வீடு மட்டும் கேரளத்தில். அவர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, அடியில விரிக்கிறதுல எது நல்லது, பழைய தார் ஃபெல்ட்டா, புதுசா வர்ற சிந்தெடிக்கா?"

எது நல்லது என்பது மேலே என்ன போடுகிறோம், கீழே இருந்து என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் இந்த விரிப்புக்கு, அதாவது அண்டர்லேக்கு, என்ன வேலை என்று பார்ப்போம்.

ஓடும் சரி, சிங்கிள்ஸும் சரி, தண்ணீரை அடைத்து நிறுத்துகிற பொருள் அல்ல. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, விழுகிற தண்ணீரைக் கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான். காற்றோடு சேர்ந்து மழை பக்கவாட்டில் அடித்தால், ஓட்டின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே ஏறத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தை வாங்கி இறவாணம் வரை கொண்டுபோய் வெளியே விடுவதுதான் அண்டர்லேயின் முதல் வேலை. ஓடு போட்டு முடியும்வரை வீட்டை நனையாமல் காப்பது இரண்டாவது. சிங்கிள்ஸ் என்றால் இன்னொன்றும் உண்டு: சிங்கிள்ஸில் இருக்கும் தார் வெயிலில் இளகி ப்ளைவுட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் நிற்பது.

தார் ஃபெல்ட் என்பது காகிதக் கூழிலோ கண்ணாடி இழையிலோ செய்த விரிப்பைத் தாரில் ஊறவைத்தது. நம் ஊர்க் கடைகளில் சணல் துணி வைத்ததும் கிடைக்கும், கொஞ்சம் முரடாக இருக்கும். 15, 30 என்று நம்பர் சொல்வார்கள். அது அமெரிக்கக் கணக்கு: 100 சதுர அடிக்கு அத்தனை பவுண்டு எடை என்று ஆரம்பித்தது. இன்றைக்கு எடை அப்படியே இருப்பதில்லை, 15 என்று எழுதியதை நிறுத்துப் பார்த்தால் குறைவாகத்தான் வரும். ஆனாலும் 30 கனமானது, 15 மெல்லியது என்ற அளவில் சரிதான். சிந்தெடிக் என்பது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் இழையில் நெய்து பூச்சுக் கொடுத்த ஷீட். எடை குறைவு, கையால் கிழிக்க முடியாது, தண்ணீரைத் துளிகூடக் குடிக்காது.

கடைக்காரர் இத்தோடு நிறுத்திக்கொள்வார். சிந்தெடிக் கிழியாது, ஊறாது, இலகுவானது, அப்புறம் எதற்கு ஃபெல்ட் என்பார். சிந்தெடிக்கின் பெரிய குணம் தண்ணீரைக் குடிக்காதது என்றால், அதன் பெரிய சங்கடமும் அதுதான். எனக்கு அதைக் காட்டியது ஒரு ஏலக்காய் ஸ்டோர்.

பூப்பாறைக்கு அப்பால் போடிக்காரர் ஒருவருக்குத் தோட்டம். ஸ்டோரில் கீழே ஏலக்காய் காயவைக்கும் டிரையர், மேலே தரம் பிரிக்கிற அறை. பழைய தகரத்தை எடுத்துவிட்டு, வேறு ஒரு குழுவை வைத்து ட்ரஸ், 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், சிந்தெடிக், அதன் மேல் சிங்கிள்ஸ் என்று அழகாகப் போட்டிருந்தார். உள்ளே சீலிங்கும் அடித்தாயிற்று. இரண்டு மழைக்காலம் போனதும் சீலிங்கில் கறை இறங்க ஆரம்பித்தது. "மழைத்தண்ணி எங்கயோ எறங்குது, பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று கூப்பிட்டார்.

மேலே ஏறிப் பார்த்தால் சிங்கிள்ஸில் ஒரு குறையும் இல்லை. ஒழுகல் என்றால் நான் முதலில் பார்ப்பது புகைக்குழாய் வெளியே வரும் இடம், இரண்டு சரிவு சேரும் பள்ளம், இறவாணம் இந்த மூன்றும்தான். இங்கே பள்ளமே கிடையாது, குழாயைச் சுற்றிக் காய்ந்திருந்தது. கறை எல்லாம் முகட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் அளந்து ஒழுகாது. ஸ்டோரில் வேலை செய்யும் அக்காவிடம் எப்போது சொட்டுகிறது என்று கேட்டேன். "மழை பெய்யறப்ப இல்லண்ணே, அடுப்பு எரியற ராத்திரிதான். விடியக்காலை தரையெல்லாம் சொட்டுச் சொட்டா இருக்கும்" என்றார். எனக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது.

பச்சை ஏலக்காய் காய்ந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். 500 கிலோ பச்சைக்காயை டிரையரில் போட்டால் 100 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ கிடைக்கும். மிச்சம் 400 கிலோவும் தண்ணீர், ஆவியாகப் போகிறது. அந்த ஆவி வெளியே போகும் குழாய் சிறிது, அதிலும் பாதி அடைத்துக் கிடந்தது. மீதி ஆவி படி வழியாக மேலே ஏறி, சீலிங் இடுக்கில் நுழைந்து, முகட்டில் போய்த் தேங்கியிருக்கிறது. மேட்டில் ராத்திரிக் குளிரில் கூரை சில்லிட்டுப் போகும். ப்ளைவுட்டின் அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும் ஆணி முனைகள்தான் முதலில் குளிரும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆணியைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்குத் துருவட்டம்.

முகட்டுப் பக்கம் சிங்கிள்ஸைக் கழற்றினோம். சிந்தெடிக் ஷீட் புதிது மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதை உரித்தால் அடியில் ப்ளைவுட்டின் மேல்பக்கம் கருப்பேறி, விளிம்பு உப்பி, ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. மேலே இருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழே இருந்து ஏறிய ஈரம் ப்ளைவுட் வழியாக வந்து, ஷீட்டின் அடியில் முட்டி, போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. சாதாரண சிந்தெடிக் ஷீட் ஆவியைப் பெரும்பாலும் விடாது.

இந்த இடத்தில் ஃபெல்ட்டாக இருந்தால் தப்பித்திருக்குமா? முழுக்கத் தப்பித்திருக்காது. காகித ஃபெல்ட் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிப் பரப்பும், நனைந்தால் ஆவியை இன்னும் கூடுதலாக விடும். அதனால் ஏதோ ஒருநாள் ஏறுகிற ஈரத்தை அது தாங்கிக் காயவிட்டுவிடும். ஆனால் அதன் மேல் இருக்கும் சிங்கிள்ஸும் தார்தானே, அதுவும் ஆவிக்குப் பெரிதாக வழிவிடாது. வாரத்துக்கு இத்தனை நூறு கிலோ ஆவி ஏறுகிற கட்டடத்தில் ஃபெல்ட் போட்டிருந்தால் ப்ளைவுட் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஃபெல்ட் மூச்சுவிடும், அதனால் சிங்கிள்ஸுக்கு அடியில் அதைப் போட்டால் காற்றோட்டம் வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அதனால் முதல் வைத்தியம் விரிப்புக்கு அல்ல. டிரையரின் ஆவிக்குப் பெரிய தகரக் குழாய் வைத்து, கூரையைத் தாண்டி வெளியே விட்டோம். இறவாணத்தின் அடிப்பலகையில் வலை அடித்துக் காற்று நுழைய வழி, முகட்டில் ப்ளைவுட்டை இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் விட்டு வெட்டி, மேலே காற்று போகும் முகட்டு மூடி. கெட்ட ப்ளைவுட்டை எடுத்துவிட்டு 18 மில்லிமீட்டர் போட்டோம், இரண்டு பலகைக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடுக்கு விட்டு. இடுக்கு விடாவிட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பி, மூட்டு எழும்பி, சிங்கிள்ஸில் கோடு தெரியும்.

அதன் மேல் நான் விரித்தது 30 நம்பர் ஃபெல்ட். காரணம் பெரிய தத்துவம் இல்லை. வேலை பிப்ரவரியில், காய்ந்த நாள். காலையில் ஃபெல்ட் விரித்தால் மாலைக்குள் சிங்கிள்ஸ் ஏறிவிடும், திறந்து கிடக்காது. தார் இருப்பதால் ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மீதம் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளவும் ஏதோ ஒன்று இருக்கும். இறவாணத்திலும் குழாயைச் சுற்றியும் மட்டும், தானே ஒட்டிக்கொள்ளும் தார் ஷீட்.

இதே வேலை ஜூலையில் என்றால் சிந்தெடிக்தான் போட்டிருப்பேன், யோசிக்கவே மாட்டேன். காகித ஃபெல்ட்டை விரித்துவிட்டு ராத்திரி மஞ்சில் விட்டால் காலையில் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும். நெளிவோடு அதன் மேல் சிங்கிள்ஸ் அடித்தால், வெயில் ஏறும்போது அந்த நெளிவு அப்படியே மேலே தெரியும், வீட்டுக்காரர் போட்டோ எடுத்து அனுப்புவார். காயும்வரை காத்திருக்க வேண்டும், அது தட்டையான பிறகுதான் மேலே கை வைக்கலாம். மழைக்காலத்தில் காய்வதற்கு எங்கே போக? சிந்தெடிக் என்றால் மழை பெய்து ஓய்ந்ததும் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஆணியைச் சரியாக அடித்தால் காற்றில் கிழியாது. ஆனால் அதற்கும் வெயில் கணக்கு உண்டு: திறந்த வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று ரோலில் போட்டிருப்பார்கள். சிலது ஒரு மாதம், சிலது ஆறு மாதம். பணம் வரட்டும் என்று விரிப்போடு வீட்டை நிறுத்திவைக்கிற ஆட்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சிந்தெடிக்கில் எனக்குச் சண்டை வருகிற இடம் ஆணிதான். ஆட்கள் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு டக் டக் என்று அடித்துவிட்டுப் போவார்கள். ஃபெல்ட்டில் தார் இருப்பதால் ஸ்டேப்பிள் ஓட்டை ஓரளவுக்கு மூடிக்கொள்ளும். சிந்தெடிக்கில் ஓட்டை ஓட்டைதான். காற்று ஷீட்டைத் தூக்கி ஆட்டினால் ஸ்டேப்பிள் கால் இருக்கும் இடம் கிழிந்து நீளும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் போகும். அதனால் ஒரு அங்குல அகல பிளாஸ்டிக் தொப்பி போட்ட ஆணி மட்டும். தொப்பி ஷீட்டை அமுக்கிப் பிடிக்கும், ஓட்டையையும் மூடும். ஆணிக்குச் செலவு செய்ய யோசிக்கிறவர் சிந்தெடிக் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இதுவரை சொன்னது ப்ளைவுட்டும் சிங்கிள்ஸும். ஓட்டு வீட்டின் கதை வேறு.

அதே தோட்டத்தில் பழைய பங்களா, மங்களூர் ஓடு. கைமரம், அதன் மேல் ரீப்பர், அதன் மேல் ஓடு, நடுவில் ஒன்றும் இல்லாத பழைய முறை. அந்த முறையில் ஒழுகல் கொஞ்சம் இருந்தாலும் நனைந்த மரம் மறுநாள் காய்ந்துவிடும், ஓட்டின் இடுக்கு வழியாக வீடு மூச்சு விடும். அதனால்தான் அத்தனை காலம் நிற்கிறது. சாரலும், குரங்கு கிளப்பிப்போடும் ஓடும் தொல்லையாகி, தோட்டக்காரர் "அடியில் எதையாவது விரிச்சுக் கொடுங்க" என்று சொன்னார்.

எதையாவது விரிப்பதில்தான் வினை. அந்தப் பக்கம் வழக்கமாக நடப்பது இது: ஓட்டை இறக்கி, கைமரத்தின் மேல் ஷீட்டை இழுத்துக் கட்டி, அதன் மேல் நேரே ரீப்பரை அடித்து, ஓட்டை ஏற்றிவிடுவார்கள். ரீப்பர் கூரைக்குக் குறுக்கே ஓடுகிறது. ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் ஷீட்டின் மேல் வழிந்து வந்து, ஒவ்வொரு ரீப்பரின் மேல்விளிம்பிலும் முட்டி நிற்கும். கூடவே மண், இலைத்தூள். ஈரம் அங்கேயே இருக்க, ஆணி ஓட்டை வழியாக மெல்ல இறங்கும், ரீப்பர் உளுக்கும். இப்படிப் போட்ட ஒரு கூரையை வேறு இடத்தில் பிரித்தபோது, ஃபெல்ட்டில் ரீப்பர் இருந்த இடமெல்லாம் கோடு கிழித்த மாதிரி வரிசையாக மக்கியிருந்தது, நடுப்பகுதி நன்றாக இருந்தது. அங்கே சிந்தெடிக் போட்டிருந்தால் ஷீட் மக்கியிருக்காது. ரீப்பர் மட்டும் மக்கியிருக்கும்.

சரியான வழிக்கு ஒரு பட்டி கூடுதலாகத் தேவை. ஷீட்டை விரித்தபின், ஒவ்வொரு கைமரத்தின் மேலும் நீளவாக்கில், மேலிருந்து கீழாக, ஒரு அங்குலப் பட்டி அடிக்க வேண்டும். அந்தப் பட்டியின் மேல்தான் குறுக்கு ரீப்பர். இப்போது ரீப்பருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி, தண்ணீர் தடையில்லாமல் இறவாணம் வரை ஓடும், காற்றும் கீழிருந்து முகடுவரை ஏறி ஓட்டைக் காயவைக்கும். இரண்டு கைமரத்துக்கு நடுவில் ஷீட் விறைப்பாக இருக்கக் கூடாது, ஒன்று ஒன்றரைச் செண்டிமீட்டர் தொய்வு இருக்கட்டும். தண்ணீர் அந்தத் தொய்வின் நடுவில் ஓடும், ஆணி அடித்த கைமரப் பக்கம் ஒதுங்காது. தொய்வு கூடினால் ஷீட் இறவாணத்தில் குளம் கட்டும், அதனால் அங்கே அடியில் ஒரு தகரப் பட்டை கொடுத்து, சுவரைத் தாண்டி வெளியே தண்ணீர் விழும்படி செய்ய வேண்டும். ஷீட்டை அப்படியே வெளியே தொங்கவிட்டால் வெயிலில் நுனி நைந்துபோகும், பிறகு தண்ணீர் சுவர்த் தலைப்பில் இறங்கும்.

இந்த மாதிரி அடியில் பலகை இல்லாத ஓட்டுக் கூரைக்கு நான் சாதாரண ஃபெல்ட்டைப் போடுவதில்லை. கைமரத்துக்கு நடுவில் அந்தரத்தில் தொங்கும்போது காகித ஃபெல்ட் வெயிலில் இளகித் தொய்ந்து, வருஷம் போகப் போக முறுமுறுத்து, கால் பட்டால் கிழியும். ஓடு ஐம்பது வருஷம், அதற்கு மேலும் இருக்கும். அடியில் இருப்பது அதற்கு முன்னாலேயே போய்விட்டால் நல்ல ஓட்டை எல்லாம் இறக்கித்தான் மாற்ற வேண்டும். பங்களாவுக்கு நீராவி விடும் வகை சிந்தெடிக் போட்டோம். அது வேறு சரக்கு. தண்ணீரைத் தடுக்கும், ஆவியை விடும், தொட்டால் துணி மாதிரி இருக்கும். விலை கூடுதல். வாங்கும் முன் கடையில் நான் செய்கிற சோதனை: சூடான டீ டம்ளரின் மேல் ஷீட்டை வைத்து, அதற்கு மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவைப்பது. கொஞ்ச நேரத்தில் மேல் டம்ளர் மங்கினால் ஆவி விடுகிறது என்று அர்த்தம். சாதாரண ஷீட்டில் மங்காது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால் ஏதோ கல்யாண வாழ்த்து தெரியும். அது கொஞ்ச காலத்தில் நொறுங்கிப் போகும், ஆவியையும் விடாது.

எந்த ஷீட்டாக இருந்தாலும், ஓட்டுக்கு அடியில் விரித்தால் வீட்டின் இரண்டு பழக்கம் மாறும். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் நின்றுபோகும். விறகு அடுப்பின் புகை முன்பு ஓட்டு இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது, இனி போகாது. அடுக்களைக்குத் தனியாகப் புகைப்போக்கி வேண்டும். ஆவி விடும் ஷீட்டும் புகையை வெளியேற்றாது. இதை முன்கூட்டியே வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பேரம் பேசும் ஆண்கள் யாரும் அந்த அடுப்பில் நின்றவர்கள் இல்லை.

கடைசியாக ரோல் கணக்கு, இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டோர் கூரை ஒரு சரிவு 30 அடி நீளம், 16 அடி உயரம். இரண்டு சரிவும் சேர்த்து 960 சதுர அடி. சிந்தெடிக் ரோல் 4 அடி அகலம், 250 அடி நீளம், 1000 சதுர அடி என்று எழுதியிருக்கும். ஒரு ரோல் போதும் என்று கடையில் சொல்வார்கள். விரித்துப் பார்த்தால் போதாது. கீழிருந்து மேலே போகும்போது ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் மேல் 6 அங்குலம் ஏற வேண்டும், அதனால் முதல் வரிசை 4 அடி, அடுத்து ஒவ்வொன்றும் மூன்றரை அடிதான். நான்கு வரிசைக்கு 14½ அடி வரும். மீதி ஒன்றரை அடிக்கு, முகட்டின் மேல் இரண்டு பக்கமும் இறங்குகிற மாதிரி ஒரே ஷீட் போட்டால் பக்கத்துக்கு 2 அடி, சரியாக 6 அங்குலம் மேலேறும். ஆக ஒரு பக்கம் 4, மறுபக்கம் 4, முகட்டில் 1, மொத்தம் 9 வரிசை. முப்பதால் பெருக்கினால் 270 அடி. ரோலில் இருப்பது 250. முகட்டில் 20 அடி குறைகிறது, மழை வரும் நாளில் அதை வாங்க மறுபடியும் மலை இறங்க வேண்டும். முகட்டில் காற்று மூடி வைப்பதாக இருந்தால் அந்த ஷீட்டை இடுக்கின் நீளத்துக்கு வெட்டிவிட வேண்டும், மறந்தால் வைத்த காற்று வழியை நாமே அடைத்ததாகிவிடும். 30 நம்பர் ஃபெல்ட் ரோல் ஒன்றில் சுமார் 200 சதுர அடி, ஐந்து ரோல் கணக்குக்குச் சரியாக இருந்தாலும் நான் ஆறு வாங்குவேன். ரோல்களை நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும். படுக்கப்போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் வெயிலில் தார் ஒட்டிக்கொண்டு, விரிக்கும்போது கிழிந்து வரும்.